இருநூறில் மிச்சம் பிடித்தால்

ஜூலையில் ஒரு சனிக்கிழமைக் காலை. குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து என் நோட்டையே முறைத்துக்கொண்டிருந்தார் நண்பர். வங்கியில் வேலை, வயது நாற்பத்து மூன்று, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய கோவா 70.3 டிரையத்லானுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பத்து நாளுக்கு முன் அவர் 400 மீட்டரை 8:26-லும், 200 மீட்டரை 4:10-லும் நீந்தியிருந்தார். அன்று இரண்டையும் மறுபடி நீந்தினார். 400-க்கு 8:22, 200-க்கு 3:58. இரண்டிலுமே முன்னேற்றம். ஆனால் அந்த இரண்டு நேரங்களையும் வைத்து நான் போட்ட பயிற்சி வேகமோ, 100 மீட்டருக்கு 2:08 என்று இருந்தது 2:12 ஆகிவிட்டது.

"என்ன சார் இது? ரெண்டையும் வேகமா நீந்தியிருக்கேன். நீங்க மெதுவா நீந்தச் சொல்றீங்க?"

கணக்குத் தெரிந்தவர் கேட்கிற கேள்விக்கு "இதுதான் ஃபார்முலா" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்த இரட்டைச் சோதனையை நம் ஊரில் இப்போது பலர் செய்கிறார்கள். செய்பவர்களில் பாதிப் பேராவது தவறான எண்ணோடுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

முதலில் சோதனை. நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டரை உங்களால் முடிந்த அளவு வேகமாக நீந்த வேண்டும். பத்து நிமிடம் போல இளைப்பாறி, நடுவில் கொஞ்சம் நிதானமாக நீந்திவிட்டு, 200 மீட்டரை அதேபோல முழு மூச்சாக நீந்த வேண்டும். இரண்டுக்கும் மேலேயிருந்து குதிக்கக் கூடாது. சுவரை உதைத்துத்தான் கிளம்ப வேண்டும். பிறகு இரண்டு நேரங்களையும் விநாடியாக மாற்றி, கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும்.

```
100 மீட்டருக்கான விநாடி = (T400 - T200) / 2
```

நண்பரின் இரண்டாவது சோதனையில் 502 கழித்தல் 238, அதாவது 264. பாதி 132. ஆக 100 மீட்டருக்கு 2:12. இதைத்தான் கிரிட்டிக்கல் ஸ்விம் ஸ்பீட் என்கிறார்கள், சுருக்கமாக சி.எஸ்.எஸ்.

இதன் வேர் நீச்சலில் இல்லை. 1965-இல் பிரான்சைச் சேர்ந்த மோனோ, ஷெரர் என்ற இருவர், தசை களைத்துப்போகும் வரை செய்கிற மொத்த வேலையையும் அதற்கு எடுக்கும் நேரத்தையும் வரைபடத்தில் போட்டால் அது ஒரு நேர்க்கோட்டில் விழுகிறது என்று காட்டினார்கள். 1992-இல் ஜப்பானின் வாகாயோஷியும் அவருடைய சகாக்களும் அதையே நீச்சலுக்குக் கொண்டுவந்தார்கள். நீந்திய தூரம் ஒரு பக்கம், எடுத்த நேரம் மறுபக்கம். புள்ளிகள் நேர்க்கோட்டில் விழுந்தன. அந்தக் கோட்டின் சரிவுதான் சி.எஸ்.எஸ். 200, 400 என்று இரண்டு முழு முயற்சிகள் இருந்தாலே சாதாரணக் குளத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

சரிவு என்ற சொல்லைக் கவனியுங்கள். நண்பரின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு கோட்டின் சரிவைத் தீர்மானிப்பது இரண்டு புள்ளிகளும் எங்கே இருக்கின்றன என்பதல்ல, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி. முதல் சோதனையில் இரண்டு நேரங்களுக்கும் நடுவே 256 விநாடி. இரண்டாவதில் 264. ஃபார்முலா பார்ப்பது அந்த ஒன்றைத்தான்.

இதை இன்னொரு விதமாக எழுதிப் பார்த்தால் மனதில் பதிந்துவிடும். 200 மீட்டரை நீங்கள் 100-க்கு எத்தனை விநாடியில் நீந்தினீர்கள், 400-ஐ எத்தனையில் நீந்தினீர்கள் என்று பாருங்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதே அளவு இன்னும் ஒரு படி கீழே இறங்கினால் சி.எஸ்.எஸ். நண்பர் இரண்டாவது முறை 200-ஐ 1:59 வேகத்திலும் 400-ஐ 2:05.5 வேகத்திலும் நீந்தினார். வித்தியாசம் 6.5. இன்னொரு 6.5 இறங்கினால் 2:12. தாளும் பேனாவும் வேண்டாம், குளத்தோரமாக நின்றே போட்டுவிடலாம்.

முதல் சோதனையை இதே கண்ணால் பாருங்கள். 200 மீட்டர் 2:05 வேகம், 400 மீட்டர் 2:06.5 வேகம். ஒன்றரை விநாடிதான் வித்தியாசம். தூரம் பாதியாகக் குறைந்தும் ஒருவர் ஒன்றரை விநாடிதான் வேகம் கூட்டினார் என்றால், ஒன்று அவரால் அதற்கு மேல் முடியவில்லை, அல்லது அவர் முயலவில்லை. ஃபார்முலாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தூரம் குறைந்தும் வேகம் கூடவில்லையா, அப்படியானால் தூரம் கூடினாலும் வேகம் குறையாது என்று அது அப்பாவித்தனமாக நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையில் 2:08 என்று ஒரு எண்ணைத் தூக்கிக் கொடுக்கிறது.

அன்று நடந்தது எனக்கு நன்றாகத் தெரியும், தவறில் என் பங்கும் உண்டு. 400 முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த லேனில் பிள்ளைகள் வகுப்பு தொடங்கப் போகிறது என்று காவலாளி அவசரப்படுத்தினார். சரி, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று அவரை 200-க்கு அனுப்பிவிட்டேன். கைகள் ரப்பராக இருந்தன என்று அவரே பிறகு சொன்னார். போதாக்குறைக்கு, 400-இன் கடைசியில் பட்ட அவதியை நினைத்து, முதல் நூறை மிச்சம் பிடித்து நீந்தியிருக்கிறார். இருநூறில் எட்டு விநாடி சோம்பினால் பயிற்சி எண் நூறுக்கு நான்கு விநாடி வேகமாகிவிடும். சோதனையில் சோம்பியதற்கான தண்டனையை அடுத்த ஆறு வாரம் பயிற்சியில் அனுபவிக்க வேண்டும்.

400-இல் செய்கிற தவறு நேர் எதிர்த்திசையில் வேலை செய்யும். முதல் நூறை வெறி பிடித்தது போல நீந்தி, கடைசி இருநூறில் திணறினால் 400-இன் நேரம் கூடும். இடைவெளி பெரிதாகும். சி.எஸ்.எஸ். மெதுவாக வரும். இரண்டு தவறுகளையும் ஒருசேரச் செய்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பார்க்க அழகான எண் வந்து நிற்கும். அது சரியான எண்ணாகவும் இருக்கலாம், சும்மா தற்செயலாகவும் இருக்கலாம். அதனால்தான் மொத்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு நூறையும் குறிக்கச் சொல்கிறேன். நண்பரின் இரண்டாவது 400 இப்படி இருந்தது: 2:04, 2:06, 2:07, 2:05. முதல் நூறுக்கும் மிக மெதுவான நூறுக்கும் மூன்று விநாடிதான் வித்தியாசம். இப்படிப்பட்ட 400-ஐ நம்பலாம். 1:54-இல் தொடங்கி 2:16-இல் முடிகிற 400-ஐ நான் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன், இன்னொரு நாள் மறுபடி நீந்தச் சொல்வேன்.

ஸ்டாப்வாட்சை அரை விநாடி முன்னே பின்னே அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். ஒன்றும் ஆகாது. வித்தியாசத்தில் ஒரு விநாடி பிசகினால் எண்ணில் அரை விநாடி பிசகும், அவ்வளவுதான். கைக்கடிகாரம் ஒரு லெங்த்தை, அதாவது குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீந்தியதை, எண்ணாமல் விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. நடுவில் கண்ணாடியைச் சரிசெய்ய ஒரு கணம் நின்றாலே சில கடிகாரங்கள் குழம்பிவிடும். யாராவது ஒருவர் மேலே நின்று எண்ணட்டும்.

குளத்தின் நீளத்தையும் ஒரு தடவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நீந்தும் ஒருவர் தன் சி.எஸ்.எஸ். 1:55 என்று சொன்னார். எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் கடலில் அவர் என் பின்னால்தான் வருவார். குளம் 25 மீட்டர் என்று விற்பனைத் தாளில் போட்டிருந்ததாம். அளந்தால் 22. பதினாறு லெங்த்தை 7:20-லும், எட்டு லெங்த்தை 3:30-லும் நீந்தியிருந்தார். வித்தியாசம் 230 விநாடி. ஆனால் அதற்குரிய தூரம் 200 மீட்டர் இல்லை, 176 மீட்டர்தான். நூறுக்கு மாற்றினால் ஏறக்குறைய 2:11. ஒரு மூச்சில் பதினாறு விநாடி போய்விட்டது, பாவம். இப்படிப்பட்ட குளத்தில் மீட்டரை மறந்துவிடுவதே நல்லது. 230-ஐ எட்டால் வகுத்தால் ஒரு லெங்த்துக்கு 28.75 விநாடி. குளம் எத்தனை மீட்டராக இருந்தாலும் அந்தக் குளத்தில் அந்த எண் செல்லும்.

இப்போது வங்கிக்காரருக்கு வங்கி மொழியிலேயே சொன்ன பகுதி. அந்த நேர்க்கோட்டில் சரிவைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது பூஜ்யத்தில் போய் முட்டாது, கொஞ்சம் மேலே முட்டும். அந்த உயரம் மீட்டரில் வரும். அவருடைய இரண்டாவது சோதனையில் அது சுமார் 20 மீட்டர். சி.எஸ்.எஸ். மாதச் சம்பளம் என்றால் இது சேமிப்புக் கணக்கு. 2:12 வேகத்தில் நீந்தும் வரை சம்பளத்திலேயே குடும்பம் நடக்கிறது. அதைவிட வேகமாகப் போகும் ஒவ்வொரு நூறு மீட்டரும் சேமிப்பிலிருந்து எடுக்கிறது. 2:00 வேகத்தில் ஒரு நூறு நீந்தினால் ஏறக்குறைய 9 மீட்டர் போய்விடும். இரண்டு நூறு அப்படி நீந்தினால் கணக்கில் ஒன்றிரண்டு மீட்டர்தான் மிச்சம். அவர் 200-ஐ 1:59 வேகத்தில் முடித்தபோது துடைத்தெடுத்தது போல ஆகிவிட்டதும் அதனால்தான்.

எவ்வளவு எடுக்கிறோம் என்பதைக் கணக்கிடுவது சுலபம். நீந்தும் வேகத்தின் விநாடியை சி.எஸ்.எஸ். விநாடியால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, நூறால் பெருக்க வேண்டும். 120-ஐ 132-ஆல் வகுத்தால் 0.909. மிச்சம் 0.091. அதாவது நூறுக்கு 9.1 மீட்டர்.

முதல் சோதனையில் இந்தச் சேமிப்பு எவ்வளவு வந்தது தெரியுமா? ஐந்து மீட்டர்கூட இல்லை. நடுவயது மனிதர், ஆரோக்கியமானவர், சுவரை உதைத்துக் கிளம்புபவர், அவருக்கு ஐந்து மீட்டர்தான் கையிருப்பு என்றால் கணக்கில் ஏதோ ஓட்டை. எனக்கு வரும் எண்களில் நான் சி.எஸ்.எஸ்ஸை விட முதலில் பார்ப்பது இதைத்தான். பத்துக்குக் கீழே வந்தால் 200-ஐச் சந்தேகப்படுவேன். முப்பதைத் தாண்டினால் 400-ஐ. இது என் அனுபவ அளவு, சட்டம் கிடையாது.

ஏனென்றால் உண்மையிலேயே கையிருப்பு இல்லாதவர்களும் உண்டு. பெரியவரான பிறகு நீச்சல் கற்றுக்கொண்ட டிரையத்லான்காரர்களில் பலர் இந்த வகை. 200-ஐ 5:00, 400-ஐ 10:04 என்று நீந்துவார்கள். கையை இன்னும் வேகமாகச் சுற்றச் சொன்னால் சுற்றுவார்கள், நுரை பறக்கும், மூச்சு இரைக்கும், நேரம் மட்டும் மாறாது. தண்ணீரைப் பிடிக்காமல் கை நழுவுகிறது, கால் கீழே இறங்கி இழுக்கிறது. கூட்டுகிற சக்தி எல்லாம் அதிலேயே போய்விடுகிறது. இவர்களுக்குச் சி.எஸ்.எஸ். 2:32 என்று வரும், 400 நீந்திய வேகமோ 2:31. எண்ணைப் பார்த்தால் பெரிய தாங்குதிறன் உள்ளவர் மாதிரி தெரியும். உண்மையில் அவர்களுக்கு இருப்பது ஒரே கியர். சோம்பியவரையும் ஒரே கியர்காரரையும் எப்படிப் பிரித்து அறிவது? 200 முடிந்ததும் முகத்தைப் பாருங்கள். பேச முடியாமல் சுவரில் தொங்குபவர் முயன்றிருக்கிறார். "இன்னொன்னு போடட்டுமா?" என்று கேட்பவர் முயலவில்லை. ஒரே கியர்காரர்களுக்கு நான் ஃபார்முலாவை ஓரமாக வைத்துவிட்டு, 400 வேகத்தோடு நான்கைந்து விநாடி கூட்டிப் பயிற்சி தருகிறேன். அவர்களுடைய நேரத்தை முதலில் நுட்பத்துக்குச் செலவிடுவதே மேல்.

மறுகோடியில், கல்லூரிக் காலத்தில் குறுந்தூரம் நீந்திவிட்டு இப்போது சைக்கிளும் வாங்கியிருக்கும் ஆட்கள். 200-ஐ 2:30-இல் முடிப்பார்கள். 400-க்கு 5:48 ஆகும். சி.எஸ்.எஸ். 1:39 என்றதும் அவமானப்பட்டது போலப் பார்ப்பார்கள். நூறு நூறாகப் பார்த்து 400 ஒழுங்காகத்தான் நீந்தப்பட்டிருக்கிறது என்றால் எண் சரி. சேமிப்பு நிறைய, சம்பளம் குறைவு, அதுதான் அவர்கள் நிலைமை.

வந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டே புள்ளிகள் வழியாகக் கோடு போட்டால் அது எப்போதும் கச்சிதமாகப் பொருந்தும். தவறான புள்ளியாக இருந்தாலும் பொருந்தும். மூன்றாவதாக ஒரு 800 நீந்தினால் கோடு விலகுகிறதா என்று தெரியும், ஆனால் அதற்கு யாரும் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. நான் செய்வது இதுதான். இரண்டு மூன்று நாள் கழித்து ஐந்து 200 மீட்டர், ஒவ்வொன்றும் சி.எஸ்.எஸ். வேகத்தில், நடுவே 20 விநாடி ஓய்வு. எண் சரியென்றால் ஐந்தாவது 200 கஷ்டமாக இருக்கும், ஆனால் கடிகாரம் நழுவாது. நண்பரின் பொய் எண்ணான 2:08-க்கு 200-இன் இலக்கு 4:16. அவர் நீந்தியது 4:15, 4:17, 4:22, 4:30. ஐந்தாவதுக்கு அவர் கிளம்பவே இல்லை. அப்போதுதான் சோதனையைத் திரும்ப நடத்தலாம் என்று முடிவுசெய்தோம். 2:12-க்கு இலக்கு 4:24. வந்தது 4:24, 4:23, 4:24, 4:25, 4:25. முடித்துவிட்டு, "கஷ்டம்தான், ஆனா கணக்கு டேலி ஆகுது" என்றார்.

ஏன் பத்து 100 வைத்துச் சரிபார்க்கக் கூடாது என்றால், நூறு நூறாக வெட்டினால் பொய் எண்ணும் தப்பித்துவிடும். ஒவ்வொரு நூறுக்கும் பிறகு பதினைந்து இருபது விநாடி மூச்சு வாங்கக் கிடைக்கிறது, செலவழித்ததில் கொஞ்சம் திரும்பி வந்துவிடுகிறது. நான்கு விநாடி அதிக வேகத்தைக்கூட அந்தச் சின்ன ஓய்வுகள் மூடி மறைத்துவிடும். பயிற்சிக்கு நூறுகள் அருமையானவை. சாட்சி சொல்ல 200-ஐயோ 400-ஐயோதான் கூப்பிட வேண்டும்.

சரியான எண் கையில் வந்த பிறகு பயிற்சி எழுதுவது எளிது. 2:12-காரருக்கு நான் எழுதிய மூன்று செட்கள் இவைதான், வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வரும். ஒன்று, பத்து 100, நூறுக்கு 2:12, ஒவ்வொரு 2:30-க்கும் ஒரு முறை கிளம்ப வேண்டும். ஓய்வு 18 விநாடி. ஓய்வை இத்தனை விநாடி என்று எழுதாமல் இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்பு என்று எழுதுவதில் ஒரு வசதி உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் கடிகார முள் ஒரு முறை மேலே இருக்கும்போது கிளம்பினால் அடுத்த முறை கீழே இருக்கும்போது கிளம்ப வேண்டும், கணக்குப் போட வேண்டாம். மெதுவாக வந்தால் ஓய்வு தானாகக் குறையும், ஏமாற்ற இடமில்லை. இரண்டு, நான்கு 400, நூறுக்கு 2:17 வேகத்தில், அரை நிமிட ஓய்வு. இது போட்டி வேகத்துக்கு நெருக்கமானது, முதல் 400-இல் மிகச் சுலபமாகத் தோன்றும், தோன்ற வேண்டும். மூன்று, பன்னிரண்டு 50, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தில், அரை நிமிட ஓய்வோடு. ஒவ்வொரு 50-உம் சேமிப்பிலிருந்து நான்கரை மீட்டர் எடுக்கும், ஓய்வில் பாதியோ முக்காலோ திரும்ப வரும். கடைசி நான்கில் வலிக்கும்.

டிரையத்லான்காரர்களிடம் எனக்கு இருக்கும் பெரிய சண்டை இரண்டாவது செட்டில்தான். 2:17 என்று எழுதினால் 2:11-இல் நீந்திவிட்டு வந்து பெருமையாகச் சொல்வார்கள். சைக்கிளில் பவர் மீட்டர் எண்ணைத் தாண்டாமல் ஒழுங்காக ஓட்டுபவர்களே தண்ணீரில் இப்படிச் செய்வார்கள். தொப்பிக்குள் வைக்கும் பீப் கருவி ஒன்று இதற்கு நல்ல மருந்து. 50 மீட்டர் குளத்தில் 2:17-க்கு 68.5 விநாடி என்று அமைத்துவிட்டால் ஒவ்வொரு சுவரிலும் ஒரு பீப். சுவருக்கு முன்பே வந்துவிட்டால் அடுத்த லெங்த்தில் நிதானிக்க வேண்டும். முதல் 400-இல் அது காதருகே நின்று கடிந்துகொள்ளும் அத்தை மாதிரி இருக்கும். நான்காவதில் அது இழுத்துக்கொண்டு போகும்.

எண்ணின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கோட்பாட்டின்படி சி.எஸ்.எஸ். வேகத்தில் களைக்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். உண்மையில் அப்படி இல்லை. ரத்தத்தில் லாக்டேட் ஏறாமல் நிலையாக நிற்கும் அதிகபட்ச வேகத்தை அளந்தவர்கள், சி.எஸ்.எஸ். அதைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். சோதனைத் தூரங்கள் எவ்வளவு சீக்கிரம் முடிகின்றனவோ அவ்வளவுக்கு எண் அதிக வேகமாக வரும். இதில் நம்மைப் போன்ற மெதுவான ஆட்களுக்கு ஒரு சின்ன லாபம் உண்டு. நல்ல நீச்சல் வீரர் இரண்டையும் இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று முடித்துவிடுவார். நமக்கு நான்கு, எட்டு ஆகிறது. கோடு இன்னும் நீண்ட முயற்சிகளின் மேல் நிற்கிறது.

கடலுக்கு இதை அப்படியே கொண்டுபோகவும் முடியாது. கோவாவில் 1.9 கிலோமீட்டர். 2:12-ஐ வைத்துப் பெருக்கினால் 41:48 வரும். நான் அவரை 2:17 என்று நினைத்துக்கொண்டு 43 நிமிடம் சொச்சம் என்று மனதில் வைக்கச் சொன்னேன். அங்கே உதைத்துக் கிளம்பச் சுவர் இல்லை. மிதவையைத் தேடித் தலையைத் தூக்க வேண்டும். அதைவிட முக்கியம் தொடக்கம். எல்லோரும் பாய்ந்துகொண்டு போகும் முதல் 200 மீட்டரை இவரும் 1:59 வேகத்தில் போனால் மொத்தச் சேமிப்பும் அங்கேயே காலி, இன்னும் 1,700 மீட்டர் பாக்கி. 2:08-இல் போனால் செலவு ஆறு மீட்டர். சேமிப்புக் கதையைச் சொன்னதே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று அவர் பிறகு கேலி செய்தார்.

ஏழு வாரம் கழித்து மறுபடி சோதனை வைத்தோம். முந்தைய நாள் சைக்கிள் இல்லை. 400-க்கும் 200-க்கும் நடுவே பத்து நிமிடம், அதில் 200 மீட்டர் நிதான நீச்சல். பிள்ளைகள் வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருந்தோம். 400-க்கு 8:10. 200-க்கு 3:54. முடித்ததும் சுவரில் தொங்கிக்கொண்டு ஒரு நிமிடம் பேசவே இல்லை, எனக்கு அதுவே போதுமாக இருந்தது. 490 கழித்தல் 234, 256. பாதி 128. சேமிப்பு 17 மீட்டர், நம்பக்கூடிய அளவு.

நோட்டை வாங்கி ஜூலைப் பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் 256, இங்கேயும் 256. அங்கேயும் 2:08, இங்கேயும் 2:08.

"அப்போ ரெண்டு மாசமா உழைச்சு பழைய இடத்துக்கே வந்திருக்கேன்" என்று சிரித்தார். செவ்வாய்க்கிழமை ஐந்து 200 நீந்தினார். 4:16, 4:15, 4:16, 4:17, 4:16.